புள்ளியியல் தேர்வுக்கு ஏழு நாள்: மதிப்பெண் எங்கே ஒழுகுகிறது?

செமஸ்டர் தேர்வுக்கு விடுமுறை விட்டதும் பெரும்பாலான மாணவர்கள் புள்ளியியல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குவார்கள். முதல் யூனிட்டில் கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு ஆகியவை இருக்கும். பள்ளியிலேயே பார்த்தவை என்பதால் அவை சுலபமாக வரும். இரண்டு நாள் அங்கேயே போய்விடும். மூன்றாவது யூனிட்டை எட்டும்போது வாரத்தில் பாதி முடிந்திருக்கும். கடைசி யூனிட்டான குறியீட்டு எண்களைத் தேர்வுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குத் திறப்பார்கள். நன்றாகத் தெரிந்த பாடத்துக்கு அதிக நேரமும், தெரியாத பாடத்துக்கு மிகக் குறைந்த நேரமும் கிடைக்கும். பாடப் பகுதியின் வரிசையில் படிப்பதால் வரும் விளைவு இது.

ஒரு வாரத்தில் புள்ளியியல் முழுவதையும் புதிதாகக் கற்க முடியாது. ஆனால் உங்கள் விடைத்தாளில் மதிப்பெண் எந்த இடத்தில், என்ன காரணத்தால் குறைகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைத்துவிட முடியும். அதனால் இந்தத் திட்டத்தில் முதல் நாள் வேலையே தேர்வு எழுதுவதுதான்.

எடுத்துக்காட்டுக்கு பி.காம். மாணவர்கள் எழுதும் வணிகப் புள்ளியியல் தாளை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாக உள்ள ஓர் அமைப்பின்படி தேர்வு மூன்று மணி நேரம், மொத்தம் 75 மதிப்பெண். ‘அ’ பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. ‘ஆ’ பகுதியில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’ என்ற தேர்வு உண்டு. ‘இ’ பகுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் மூன்றை எழுத வேண்டும். உங்கள் தாளின் அமைப்பு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதல் நாள்: படிக்காமல் ஒரு தேர்வு

பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். நோட்டு, புத்தகம், செல்போன் எல்லாவற்றையும் வேறு அறையில் வையுங்கள். தேர்வு அறையில் அனுமதிக்கப்படும் அதே வகைக் கால்குலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுதுங்கள். ஒவ்வொரு வினாவைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓரத்தில் மணியைக் குறித்துவிடுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் மிகவும் உதவும்.

மூன்று மணி நேரம் முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். எழுதாமல் விட்டவற்றையும் பாதியில் நின்றவற்றையும், இன்னும் புத்தகத்தைத் திறக்காமலேயே, நேரக் கணக்கு இல்லாமல் எழுதிப் பாருங்கள். பேனாவில் வராதது பென்சிலில் வந்தால் உங்களுக்கு முறை தெரியும், நேரம்தான் போதவில்லை என்று பொருள். பென்சிலிலும் வராவிட்டால் முறையே தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. முறை தெரியாதவர் கடிகாரம் வைத்துப் பழகினால் பதற்றம்தான் கூடும். நேரம் போதாதவர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் வேகம் வராது.

ஒரு மாணவி இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம். ‘அ’ பகுதியில் 20க்கு 13, ‘ஆ’ பகுதியில் 25க்கு 11, ‘இ’ பகுதியில் 30க்கு 12. மொத்தம் 36. இழந்தது 39 மதிப்பெண். இந்த 39ஐ யூனிட் வாரியாகப் பிரிப்பதைவிட, காரணம் வாரியாகப் பிரித்தால் அடுத்து என்ன செய்வது என்று தெளிவாகும்.

‘அ’ பகுதியில் போன 7 மதிப்பெண், வரையறைகள் நினைவில் இல்லாததால் போனவை. திட்டவிலக்கக் கணக்கில் கடைசியில் பிரிவு இடைவெளியால் பெருக்க மறந்ததில் 3, மாறுபாட்டுக் கெழுவில் 100ஆல் பெருக்காததில் 2. இந்த 5 மதிப்பெண்ணும் கவனப் பிழை. தொடர்புப் போக்கில் 7, தரவரிசை ஒட்டுறவில் 4, நகரும் சராசரியில் 3 ஆக 14 மதிப்பெண் முறை தெரியாமல் போனவை. மீதி 13 குறியீட்டு எண்களில் போனது. ஐந்து மதிப்பெண் வினாவைத் தொடவே இல்லை. பத்து மதிப்பெண் வினா பாதியில் நின்றது. பென்சிலால் எழுதியபோது அந்த 13இல் 6 கிடைத்தது. அப்படியென்றால் 6 நேரத்தால் போனது, 7 முறை தெரியாததால் போனது.

ஆகமொத்தம் முறை தெரியாமை 21, வரையறை 7, நேரம் 6, கவனப் பிழை 5. இனி அவருடைய வாரம் எப்படி அமைய வேண்டும் என்பதை இந்த நான்கு எண்கள் சொல்லிவிடும். முறையைச் சரிசெய்ய மூன்று நாள், நேரத்துக்கும் கவனத்துக்கும் இரண்டு நாள், வரையறைகளுக்குத் தினமும் சிறிது நேரம். சராசரியையும் இடைநிலையையும் திரும்பப் படிக்க அவருக்கு நாளே தேவையில்லை. அங்கே அவர் மதிப்பெண் இழக்கவில்லை.

ஓரத்தில் குறித்த மணி இன்னொன்றையும் காட்டும். இந்த மாணவி ‘அ’ பகுதிக்கு 55 நிமிடம் எடுத்துக்கொண்டார். இரண்டு மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் எழுதினார். குறியீட்டு எண் கணக்கு நின்றுபோனது கணக்கு கடினம் என்பதால் மட்டும் அன்று. அதற்கான நேரத்தைக் காலையிலேயே வரையறைகள் தின்றுவிட்டன. கடைசியில் நேரம் போதவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் கசிவு தொடக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் நாள்: ஒரு பாடம், ஒரு கணக்கு, இரண்டு கோடுகள்

பலவீனமான பாடங்களில் எதை முதலில் எடுப்பது? அந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரக்கூடும், அரை நாளில் அதைச் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், வகுப்பில் கோரிலேஷன், ரெக்ரஷன் என்று சொல்வது, இரண்டிலும் முன்னே நிற்கும். பத்து மதிப்பெண் வினா வர வாய்ப்பு அதிகம். ஒரே அட்டவணையிலிருந்து எல்லா விடைகளும் வருவதால் உழைப்பும் குறைவு.

பெரிய கணக்கில் தொடங்காதீர்கள். முறை தெரியாதபோது பெரிய எண்கள் கூட்டல் பிழைகளைச் சேர்த்து எது தவறு என்பதையே மறைத்துவிடும். ஐந்தே சோடி எண்கள் போதும். ஒரு ஜவுளிக்கடை ஐந்து மாதங்களில் விளம்பரத்துக்குச் செலவிட்டது ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 2, 4, 6, 8, 10. அதே மாதங்களின் விற்பனை லட்ச ரூபாய்க் கணக்கில் 5, 7, 6, 10, 12. விளம்பரம் X, விற்பனை Y.

X இன் சராசரி 6, Y இன் சராசரி 8. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்தால் விலக்கங்கள் கிடைக்கும்: x என்பது −4, −2, 0, 2, 4; y என்பது −3, −1, −2, 2, 4. இங்கேயே முதல் சோதனை. இரண்டு வரிசையும் தனித்தனியே கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகக் கூடாது. பிறகு xy, x², y² என மூன்று பத்திகள். அவற்றின் கூட்டல் முறையே 34, 40, 34.

இந்த மூன்று எண்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

```
r   = 34 / √(40 × 34) = 0.92
byx = 34 / 40 = 0.85
bxy = 34 / 34 = 1.00
```

Y மீதான கோடு: Y − 8 = 0.85 (X − 6), அதாவது Y = 0.85X + 2.9. X மீதான கோடு: X − 6 = 1 (Y − 8), அதாவது X = Y − 2.

பலர் விழும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ‘விளம்பரச் செலவு 12 ஆயிரம் என்றால் விற்பனை எவ்வளவு?’ என்று கேட்டால் முதல் கோட்டில் 12ஐப் போட வேண்டும், 13.1 லட்சம். ‘விற்பனை 9 லட்சமாக இருக்க விளம்பரச் செலவு எவ்வளவு?’ என்று கேட்டால் இரண்டாவது கோடு. விடை 7 ஆயிரம். முதல் கோட்டையே திருப்பிப்போட்டால் 7.18 வரும். விடை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் மாணவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் அது வேறு கோடு, தவறான விடை. Y மீதான கோடு, Y இன் மதிப்பீட்டில் வரும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி வரையப்பட்டது. X மீதான கோடு X இன் பிழைகளுக்கு அதையே செய்கிறது. எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களோ அதன் கோட்டைத்தான் எடுக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும்.

விடை சரியா என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமலேயே சோதிக்கலாம். இரண்டு கெழுக்களையும் பெருக்கினால் r² வர வேண்டும்: 0.85 × 1 = 0.85, அதன் வர்க்கமூலம் 0.92. பெருக்கல் 1ஐத் தாண்டினால் எங்கோ பிழை. இரண்டு கெழுக்களுக்கும் ஒரே குறி இருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் சராசரிப் புள்ளி வழியாகப் போக வேண்டும்; X க்கு 6 போட்டால் Y 8 ஆக வருகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைகளை முதல் கணக்கிலிருந்தே பழகினால் தேர்வு அறையில் கை தானாகச் செய்யும்.

இனி அதே கணக்கில் கடைசி விற்பனையை 12இலிருந்து 13 ஆக மாற்றுங்கள். Y இன் சராசரி 8.2 ஆகிவிடும். விலக்கங்கள் எல்லாம் தசமமாகும். முழு எண் சராசரியை மட்டுமே பார்த்துப் பழகியவர் இங்கே நின்றுவிடுவார். அப்போது விலக்கம் எடுக்காமல் மூல எண்களிலேயே செய்யும் சூத்திரம் வேண்டும்.

```
byx = (NΣXY − ΣX·ΣY) / (NΣX² − (ΣX)²)
    = (5×284 − 30×41) / (5×220 − 900)
    = 190 / 200 = 0.95
```

ΣX² என்பது வர்க்கங்களின் கூட்டல், 220. (ΣX)² என்பது கூட்டலின் வர்க்கம், 900. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது இந்தப் பாடத்தின் மிகப் பழைய பிழை. இப்படி ஒரே கணக்கை ஓர் எண் மாற்றி இரண்டு முறையிலும் செய்வது, தீர்த்துவைத்த பத்துக் கணக்குகளைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். எந்த முறையை எப்போது எடுப்பது என்பதையும் அது சேர்த்தே சொல்லித்தருகிறது.

மூன்றாம், நான்காம் நாள்: புதியதும் பழையதும் ஒரே நாளில்

மூன்றாம் நாள் காலையில் குறியீட்டு எண்கள். முதல் நாள் பென்சில் சோதனையில் பாதி வந்த பாடம் இது என்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. இங்கே குழப்பமெல்லாம் ஒரே இடத்தில்தான்: எந்த ஆண்டின் அளவு? லாஸ்பியர் முறை அடிப்படை ஆண்டின் அளவை எடையாக எடுக்கிறது. பாஷே முறை நடப்பு ஆண்டின் அளவை எடுக்கிறது. இரண்டிலும் மேலே நடப்பு விலை, கீழே அடிப்படை விலை. ஆகவே p1q0, p0q0, p1q1, p0q1 என்று நான்கு பத்திகளை எப்போதும் ஒரே வரிசையில் போட்டுப் பழகுங்கள். முதல் இரண்டு லாஸ்பியருக்கு, அடுத்த இரண்டு பாஷேவுக்கு. ஃபிஷர் எண் இரண்டையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம் என்பதால் அது இரண்டுக்கும் நடுவில் விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் ஏதோ ஒரு பத்தி தவறு.

அன்று மாலை புத்தகத்தை மூடிவிட்டு, முந்தைய நாள் செய்த தொடர்புப் போக்குக் கணக்கை வெறும் தாளில் எழுதுங்கள். தீர்வைப் படிப்பது கணக்காகாது, எழுத வேண்டும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டுகிறது. மாணவர்கள் உரைநடைப் பகுதி ஒன்றை இரண்டாம் முறையும் படித்தார்கள். இன்னொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்த பகுதியே மேல்: 81 சதவீதத்துக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மீண்டும் படித்த பகுதிக்கு 42, எழுதிப் பார்த்த பகுதிக்கு 56. அவர்கள் சோதித்தது உரைநடை, கணக்கில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நோட்டைப் பார்க்கும்போது ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவதும் வெறும் தாளில் கை நின்றுபோவதும் புள்ளியியல் படித்த எல்லோருக்கும் பழக்கம்தான்.

நான்காம் நாள் காலையில் காலத்தொடரும் தரவரிசை ஒட்டுறவும். காலத்தொடரில் மீச்சிறு வர்க்க முறைக்கு நடு ஆண்டைப் பூஜ்யமாக எடுப்பது வழக்கம். ஐந்து ஆண்டு விற்பனை 12, 15, 17, 20, 21 என்றால் X என்பது −2, −1, 0, 1, 2. சராசரி 17, அதுவே a. ΣXY 23, ΣX² 10, ஆகவே b 2.3. அடுத்த ஆண்டுக்கு X = 3; போக்கு மதிப்பு 17 + 6.9 = 23.9. ஐந்து ஆண்டுகளின் போக்கு மதிப்புகளைக் கூட்டினால் அசல் விற்பனையின் கூட்டலான 85 வர வேண்டும். 12.4, 14.7, 17, 19.3, 21.6 என்று கூட்டிப் பாருங்கள், வருகிறது.

ஆறு ஆண்டு கொடுத்தால் நடு ஆண்டு என்று ஒன்று இல்லை. அப்போது X ஐ −5, −3, −1, 1, 3, 5 என்று இரண்டிரண்டாக ஏற்றுவார்கள். அதாவது ஓர் அலகு என்பது அரை ஆண்டு. அடுத்த ஆண்டின் மதிப்புக்கு X = 7 போட வேண்டும். 6 போடுபவர்கள் ஏராளம். கணக்கு முழுவதும் சரியாகச் செய்து கடைசி வரியில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். நகரும் சராசரியிலும் இதே சிக்கல்தான். நான்கு ஆண்டுச் சராசரி எந்த ஆண்டுக்கும் நேராக விழாமல் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் விழும். அடுத்தடுத்த இரண்டு சராசரிகளை மீண்டும் சராசரி எடுத்தால்தான் அது ஓர் ஆண்டுக்கு நேராக வரும்.

தரவரிசை ஒட்டுறவில் தர வித்தியாசங்களின் கூட்டல் பூஜ்யமாக வர வேண்டும் என்பதுதான் சோதனை. சூத்திரத்தின் தொடக்கத்தில் உள்ள ‘1 −’ ஐ விட்டுவிடுவது பரவலான பிழை. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால் அவர்களுக்குத் தரங்களின் சராசரியைக் கொடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடங்களுக்குப் பதிலாக இருவருக்கும் 2.5. அடுத்தவருக்கு 3 இல்லை, 4. ஒவ்வொரு சமநிலைக்கும் (m³ − m)/12 என்ற திருத்தத்தை Σd² உடன் சேர்க்கவும் மறக்கக் கூடாது.

ஐந்தாம் நாள்: கலந்து போடு, கடிகாரத்தை வை

முறைகள் கைக்கு வந்த பிறகுதான் கடிகாரம். 180 நிமிடத்தை 75 மதிப்பெண்ணால் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். அதன்படி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 12 நிமிடம். பத்து மதிப்பெண் வினாவுக்கு 24 வரும், 25 என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வினாவுக்கு 60 நிமிடம், மூன்று பெரிய வினாவுக்கு 75 நிமிடம். ‘அ’ பகுதியை, வினாவுக்கு மூன்று நிமிடம் என்று 30 நிமிடத்தில் முடித்தால் கடைசியில் 15 நிமிடம் மிஞ்சும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் கவனப் பிழைகளைப் பிடிக்கப்போகிறது.

அன்று முழுத் தாள் எழுத வேண்டாம். பழைய வினாத்தாள்களிலிருந்து பன்னிரண்டு கணக்குகளைத் தேர்ந்து, துண்டுத் தாள்களில் எழுதிக் குலுக்கி, ஒன்றொன்றாக எடுங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு உரியது என்றால் 12 நிமிடம். பெரியது என்றால் 25. மணி அடித்ததும் நிறுத்துங்கள். முடியாவிட்டால் எந்த வரியில் நின்றீர்கள் என்று குறியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால், உதாரணமாக அட்டவணை போடவே எட்டு நிமிடம் ஆகிறது என்றால், அந்த ஒரு படியை மட்டும் தனியாகப் பழகலாம். கால்குலேட்டரில் M+ விசையால் xy பத்தியைப் பெருக்கிக்கொண்டே கூட்டிவிடும் பழக்கம் இருந்தால் இங்கே சில நிமிடம் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு பெருக்கல் விடையையும் தாளிலும் எழுதுங்கள். கடைசித் தொகை தவறானாலும், அட்டவணையைப் பார்த்துத்தான் திருத்துபவர் படி மதிப்பெண் போட முடியும்.

குலுக்கி எடுப்பது ஏன்? ஒரே வகைக் கணக்கை வரிசையாகச் செய்யும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே தேவையில்லை. மேலே தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் யூனிட் வரிசையைப் பார்த்துப் பாடத்தை ஊகிக்கலாம்தான். ஆனால் பாடத்துக்குள் எந்த முறை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். கார்ல் பியர்சனா தரவரிசையா, எந்தக் கோடு, ஒற்றை ஆண்டா இரட்டை ஆண்டா என்பதை வினாவைப் படித்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். ஒரே வகையை வரிசையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் கலந்து செய்தவர்கள் 63, வரிசையாகச் செய்தவர்கள் 20. ஆகவே ஐந்தாம் நாள் உங்கள் மதிப்பெண் நான்காம் நாளைவிடக் குறைந்தால் கலங்க வேண்டாம். பயிற்சி கடினமாக இருக்கும்போது மதிப்பெண் குறைவது இயல்பு.

ஆறாம் நாள்: இரண்டாம் ஒத்திகை

தேர்வு காலை பத்து மணிக்கு என்றால் ஒத்திகையும் பத்து மணிக்கு. புதிய வினாத்தாள், மூன்று மணி நேரம், ஓரத்தில் மணிக் குறிப்பு. இந்த முறை ஒரு விதியைக் கூடுதலாகப் பழக வேண்டும்: ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் அடுத்த வினாவுக்குப் போய்விடுவது. விட்ட வினாவுக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டுவையுங்கள். சூத்திரமும் அட்டவணையும் எழுதிய கணக்கில் பாதிக்கு மேல் மதிப்பெண் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கடைசி ஓரிரு மதிப்பெண்ணுக்காக அங்கேயே போராடுவதைவிட, இன்னும் தொடாத வினாவின் முதல் சில மதிப்பெண்ணை எடுப்பது லாபம்.

‘இ’ பகுதியில் எந்த மூன்றை எழுதுவது என்பதையும் இந்த ஒத்திகையில் பழகுங்கள். ஐந்து வினாவையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் அருகில் எத்தனை பத்தி அட்டவணை வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். பிடித்த பாடம் என்பதற்காகப் பத்துப் பிரிவுகளும் எட்டுப் பத்திகளும் உள்ள திண்டாட்டமான கணக்கை எடுத்துவிடுவது உண்டு. ஆறு வரிசையில் முடியும் கணக்கு பக்கத்திலேயே இருக்கும்.

மாலையில் திருத்தி, மீண்டும் காரணம் வாரியாகப் பிரியுங்கள். நம் மாணவிக்கு முறை தெரியாமல் போனது 21இலிருந்து பெருமளவு குறைந்திருந்தால், வாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. கவனப் பிழை மட்டும் குறையவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. வேகம் கூடும்போது அது கூடுவதுதான் வழக்கம். அதற்குக் கணக்கு வகைக்கு ஒன்றாகச் சோதனைப் பட்டியல் வேண்டும். திட்டவிலக்கம் வீச்சின் பாதியைத் தாண்டாது. ஒட்டுறவுக் கெழு 1க்கும் −1க்கும் வெளியே போகாது. சராசரி, கொடுத்த எண்களில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையில் இருக்கும். இந்த மூன்றும் மேலே சொன்னவையும் சேர்ந்து அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

ஏழாம் நாள்: புதியது எதுவும் இல்லை

கடைசி நாள் காலையில் வெறும் தாளில் எல்லாச் சூத்திரங்களையும் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். அதுதான் அன்றைய பாடம். இரண்டு ஒத்திகைகளிலும் தவறான கணக்குகளைத் திரும்பச் செய்யுங்கள். சரியாக வந்தவற்றைத் தொட வேண்டாம்.

வரையறைகளுக்கு மதியம் ஒரு மணி நேரம் போதும். இரண்டு மதிப்பெண் விடைக்கு ஒரு வாக்கிய வரையறை, ஒரு சூத்திரம் அல்லது ஓர் எடுத்துக்காட்டு. மூன்று நிமிடத்தில் எழுத முடிகிற அளவு. வாரம் முழுவதும் தினமும் பத்து வரையறைகளை எழுதிப் பார்த்திருந்தால் இது திருப்பிப் பார்ப்பதுதான். இதுவரை தொடாத பாடத்தை இன்று திறக்கக் கூடாது. அரைகுறையாகத் தெரிந்த புதிய முறை, நன்றாகத் தெரிந்த பழைய முறையோடு கலந்து இரண்டையும் கெடுக்கும். மொத்தப் பாடத்தில் ஒன்று மிச்சமிருந்தால், ‘இ’ பகுதியில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும் என்பதால் அதை விடுவதற்கு இடமிருக்கிறது. ‘ஆ’ பகுதியில் அந்த யூனிட்டின் ஐந்து மதிப்பெண்ணுக்கு மட்டும் இழப்பு. கால்குலேட்டரின் பேட்டரி, ஹால் டிக்கெட், அளவுகோல், இரண்டு பேனா எல்லாவற்றையும் மாலையிலேயே எடுத்துவைத்துவிட்டு வழக்கமான நேரத்தில் தூங்குங்கள். கூட்டல் பிழைகள் மிக எளிதாக நுழைவது தூக்கம் கெட்ட மூளையில்தான்.

இந்தத் திட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. முதல் நாள் தேர்வில் பென்சிலாலும் ஏறக்குறைய ஒன்றுமே எழுத முடியாதவருக்கு ஏழு நாளில் ஐந்து யூனிட்டும் வராது. அவர் இரண்டாம் நாளிலிருந்து மூன்று யூனிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து மதிப்பெண் கணக்கும் பத்து மதிப்பெண் கணக்கும் வரும் அளவுக்குப் பழகுவதே கணக்கு. அந்த மூன்று யூனிட்டிலும் பெரிய வினாக்கள் வந்தால் ‘இ’ பகுதியில் 30, ‘ஆ’ பகுதியில் 15 என 45 மதிப்பெண்ணுக்கு அவர் எழுத முடியும். பாதி சரியாக வந்து, வரையறைகளில் எட்டுப் பத்து மதிப்பெண் சேர்ந்தாலே தேறிவிடலாம். ஐந்து யூனிட்டையும் மேலோட்டமாகப் பார்த்தவர் ஒரு கணக்கையும் முடிக்காமல் வெளியே வருவார்.